மருந்துச் சீட்டில் மூன்று சுருக்கங்கள்

சென்ற மாதம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், சிகிச்சைக்காக ஊரிலிருந்து டில்லி வந்திருந்த பெரியவர் ஒருவர் மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டினார். "எஸ்.ஓ.எஸ். என்று போட்டிருக்கிறதே தம்பி, உயிருக்கு ஆபத்தா?" என்றார்.

ஆபத்தில்லை. கப்பலின் அபாயக் குரலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'தேவைப்பட்டால்' என்று பொருள்படும் லத்தீன் சொற்களின் சுருக்கம் இது. அவர் சீட்டில் மூன்று மருந்துகள் இருந்தன.

முதலாவது பான்டோபிரசோல், ஏ.சி. அதாவது சாப்பாட்டுக்கு முன். வயிற்றில் அமிலம் சுரப்பது சாப்பிடும்போதுதான் மும்முரமாகும். அதற்கு அரைமணி முன்பே மாத்திரை உள்ளே போனால்தான் நன்கு வேலை செய்யும்.

இரண்டாவது ஆன்டிபயாடிக், பி.டி., ஐந்து நாள். தினம் இரு வேளை. காலை எட்டுக்கு ஒன்று, இரவு எட்டுக்கு ஒன்று. மொத்தம் பத்து மாத்திரை. காலையும் மதியமும் விழுங்கினால் இரவில் மருந்தின் வலு குறைந்துவிடும்.

மூன்றாவது பாராசிட்டமால் 500 மில்லிகிராம், எஸ்.ஓ.எஸ். காய்ச்சலோ வலியோ இருந்தால் மட்டும் ஒன்று, இல்லையேல் வேண்டாம். மறுபடி போட ஆறு மணி நேரமாவது போகட்டும். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் உண்டு. இரண்டும் சேர்ந்து அளவு மீறினால் கல்லீரல் கெடும். "ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை?" என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் "கானே ஸே பெஹலே" என்றால் ஏ.சி.; "தின் மே தோ பார்" என்றால் பி.டி.; "ஸரூரத் படே தோ" என்றால் எஸ்.ஓ.எஸ். பெரியவரின் மாத்திரை அட்டைகளில் அவற்றைத் தமிழில் எழிதிக் கொடுத்தேன்.