காரீயம் வீட்டுக்குள் வராமலிருக்க 7 குறிப்புகள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்த்துவிட்டு சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் ஏராளம். எல்லா வேலையிலும் காரீயம் இல்லை. பேட்டரி, சால்டரிங், ரேடியேட்டர் பற்றவைப்பு, பித்தளை வார்ப்பு, காயலான் கடை ஆகிய வேலைகளில் உண்டு. அந்தத் தூசி உடுப்போடு வீட்டுக்கு வந்து, தரையில் தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகிறது.

உடம்பு காரீயத்தைக் கால்சியம் போலவே எடுத்துக்கொள்கிறது. பெரியவர்களைவிடக் குழந்தையின் குடல் 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சும். மூளையின் இணைப்புகள் உருவாகும் வயதில் அது அங்கே தங்கிவிட்டால் கவனமும் கற்கும் திறனும் குறைகின்றன. சென்னையில் 3 முதல் 7 வயதுள்ள 756 குழந்தைகளை ஆராய்ந்தபோது, ரத்தத்தில் காரீயம் கூடியவர்களுக்குக் கவனக்குறைவும் பதற்றமும் அதிகம் இருந்தன. கண்ணால் பார்த்ததைக் கையால் வரையும் திறனும் குறைந்திருந்தது. வெளியே பார்த்தால் குழந்தை நன்றாகத்தான் தெரியும்.

1. வேலை உடுப்பு வாசலோடு நிற்கட்டும். வண்டிச் சத்தம் கேட்டதும் குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும்; தூசி ஒட்டுவது அப்போதுதான். முடிந்தால் வேலையிடத்திலேயே குளித்து, உடுப்பும் செருப்பும் மாற்றி வாருங்கள். முடியாவிட்டால் வாசலில் ஒரு மூடி போட்ட வாளி வைத்து, உடுப்பை அதில் போட்டுவிட்டுக் குளித்த பிறகே குழந்தையைத் தூக்குங்கள். அந்த உடுப்பை உதறாமல், மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.

2. பெருக்குவதற்குப் பதில் துடையுங்கள். விளக்குமாறு தூசியைக் கிளப்பும். அது மறுபடி பாயிலும் பொம்மையிலும் படியும். ஈரத் துணியால் துடையுங்கள். ஜன்னல் விளிம்பையும் விடாதீர்கள். சாப்பிடும் முன் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். சானிடைசர் கிருமியைக் கொல்லும், காரீயத்தை அகற்றாது.

3. பொங்கல் பெயிண்ட் வேலையில் உஷார். வீட்டு உபயோகப் பெயிண்டில் காரீயம் 90 பி.பி.எம். தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னல், கிரில்லை, முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறமுள்ளதை, உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நனைத்துச் சுரண்டி, சுரண்டலைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். வேலை முடிந்து துடைக்கும்வரை குழந்தை அந்த அறைப் பக்கம் வரக்கூடாது. பெயிண்ட் அடித்த பழைய பலகையைப் போகிக்கு எரிக்காதீர்கள். புகையிலும் சாம்பலிலும் காரீயம் கலக்கும்.

4. மஞ்சளை முழுசாக வாங்குங்கள். நிறத்துக்காகச் சில இடங்களில் லெட் குரோமேட் பூசுகிறார்கள். ஒரு விரலி மஞ்சளைத் தண்ணீரில் போடுங்கள். உடனே பளிச்சென்று மஞ்சள் சாயம் இறங்கினால் அது வேண்டாம். இந்தச் சோதனையில் மோசமான கலப்படம்தான் பிடிபடும். ஆகவே, கண்ணைப் பறிக்கும் நிறமுள்ள உதிரிப் பொடியைத் தவிர்த்து, நல்ல விரலியை மெஷினில் அரைத்துக்கொள்வது நல்லது.

5. குழந்தைக்கு ஈயச்சொம்பு ரசம் வேண்டாம். ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் செய்யப்பட வேண்டியது. அதில் காரீயம் கலந்திருந்தால் புளியும் சூடும் அதைக் கரைத்து இழுக்கும். கலப்பு கண்ணுக்குத் தெரியாது. ஊர் பேர் தெரியாத அலுமினியப் பாத்திரத்திலும் புளிக்குழம்பு வேண்டாம். நல்ல எவர்சில்வர் போதும்.

6. இரும்புச்சத்தும் கால்சியமும் குறையவிடாதீர்கள். ரத்தசோகை உள்ள குழந்தையின் குடல் காரீயத்தை அதிகமாக இழுக்கும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, பால், பயறு கொடுங்கள். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். இந்தச் சாப்பாடு காரீயம் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், வந்த காரீயத்தை வெளியேற்றாது. குழந்தையை வெறும் வயிற்றில் நெடுநேரம் விடாதீர்கள்.

7. சந்தேகமிருந்தால் ரத்தம் பாருங்கள். கையில் தூசி ஒட்டியிருந்தால் விரல்நுனி ரத்தம் பொய்க் கணக்குக் காட்டும். நரம்பில் எடுத்ததே நம்பகமானது. உதாரணமாக, அப்பா இன்வெர்ட்டர் பேட்டரிக் கடையில் வேலை பார்க்கிறார், 2 வயதுக் குழந்தைக்கு 100 மில்லி ரத்தத்தில் 12 மைக்ரோகிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. 5 வந்தாலே காரீயம் எங்கிருந்து வருகிறதென்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே முதல் வேலை அப்பாவின் உடுப்பு, வண்டி சீட், தரைத் தூசி. அண்ணன், தங்கைக்கும், கர்ப்பமாக இருந்தால் அம்மாவுக்கும் பாருங்கள். காரீயம் நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்கும் போகும். 1 முதல் 3 மாதத்தில் மறுபடி எடுத்தால் குறைகிறதா என்று தெரியும். குறையவில்லை என்றால் வேறு வழியிலும் வருகிறது: மஞ்சள், பாத்திரம், பெயிண்ட் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காரீயத்தை இழுத்து வெளியேற்றும் மருந்தைப் பொதுவாக 45 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் கொடுப்பார்கள். அதுவும் ரத்த அளவைத்தான் குறைக்கும். இழந்த கற்கும் திறனை மீட்டுத் தராது.