ஓடி முடித்ததும் என்ன பாட்டு?

கேள்வி: வேலை முடிந்து மாலையில் அரை மணி நேரம் பாலாற்றங்கரைப் பக்கம் ஓடுகிறேன். நின்றதும் தரையில் உட்கார்ந்து மெலடி போட்டுக்கொண்டு காலை நீட்டுவேன். தலை சுற்றுகிறது. பாட்டு சரியில்லையா?
- வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: பாட்டின் மேல் குற்றமில்லை, தம்பி. ஓடும்போது கெண்டைக்கால் தசைகள்தான் ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும், தலை கிறுகிறுக்கும். அதனால் முதல் பாட்டு நடப்பதற்கு.

பாட்டின் தாளத்தை 15 விநாடி தட்டி எண்ணி, 4-ஆல் பெருக்குங்கள். சுமார் 110 வருகிற பாட்டுக்கு அடிவைத்து நடங்கள். அடுத்து 90-இல் ஒன்று. அதற்கு மெதுநடை, பிறகு நின்றபடி தொடை, கெண்டைக்காலை நீட்டுதல். கடைசியாக 60, 70 அளவில் ஒரு பாட்டு, உட்காருவது இப்போதுதான். 'மூன்றாம் பிறை'யின் ‘கண்ணே கலைமானே’ மாதிரி தாலாட்டு எனக்குப் பிடிக்கும். எண்ணும்போது கவனம்: சில பாட்டுகளில் தாளம் இரட்டிப்பாக எண்ணப்பட்டுவிடும். கால் தானாக ஆடுகிற வேகமே கணக்கு.

பாட்டு இதயத்தை நேரே இழுத்துப் பிடிப்பதில்லை. நம் நடையையும் மூச்சையும் தளர்த்துகிறது, இதயம் பின்னால் வருகிறது. 2006-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், பாட்டுகளுக்கு நடுவே விட்ட 2 நிமிட மௌனத்தில்தான் நாடித்துடிப்பு நன்றாக இறங்கியது. ஆகவே தாலாட்டு முடிந்ததும் போனை நிறுத்திவிடுங்கள். தானாக அடுத்த குத்துப்பாட்டு வந்தால் பட்டபாடு வீண்!

மெல்ல நடந்த பிறகும் தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ டாக்டரிடம் போங்கள்.