திரையரங்க விளம்பரத்துக்குப் பின்னணிக் குரல் எழுதுதல்

வினா: கல்முனை நகரிலுள்ள ஒரு தளபாடக் கடைக்காக, திரையரங்கில் காட்டப்படும் 30 செக்கன் விளம்பரத்துக்கான பின்னணிக் குரல் எழுத்துருவை ஆக்குக.

இவ்வகை வினாவுக்கு நீங்கள் எழுதும் விடைகளில் பெரும்பாலானவை பத்திரிகை விளம்பரமாகவே இருக்கின்றன. மொழி பிழையில்லை, எழுத்தும் அழகுதான். ஆனால் வாய்விட்டு வாசித்தால் அது திரையரங்குக்கு உரியதன்று என்பது உடனே தெரிந்துவிடும். ஒரு விடையை முதலில் பார்ப்போம். கடையின் பெயர் கற்பனையே. ‘மரவீடு’ என்று வைத்துக்கொள்வோம்.

“அன்பார்ந்த வாடிக்கையாளர்களே! கல்முனை மாநகரில் பல ஆண்டுகளாக மக்கள் சேவையாற்றிவரும் மரவீடு தளபாட நிலையத்தில் கட்டில்கள், அலுமாரிகள், மேசைகள், கதிரைகள், சோபாக்கள், முகம் பார்க்கும் கண்ணாடி மேசைகள் என்பவற்றை நியாயமான விலையில், உத்தரவாதத்துடன், உங்கள் மனங்கவரும் வகையில் பெற்றுக்கொள்ளலாம். இன்றே விஜயம் செய்யுங்கள்!”

இது எவ்வளவு நேரம் பிடிக்கும்? சொற்களை எண்ணினால் 31 தான் வரும். “செக்கனுக்கு ஒரு சொல், சரிதானே” என்று நினைப்பீர்கள். தமிழில் சொற்களை எண்ணி நேரம் கணிக்க முடியாது. ‘பல’ என்பதும் ஒரு சொல், ‘உத்தரவாதத்துடன்’ என்பதும் ஒரு சொல். யாப்பிலே கட்டளைக் கலித்துறைக்கு ஒற்றை நீக்கி எழுத்தெண்ணப் படித்திருப்பீர்கள். அதே முறையை இங்கும் கையாளுங்கள். புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணுங்கள். ‘கல்முனை’ மூன்று, ‘அலுமாரிகள்’ ஐந்து. பெரிய மண்டபத்தில் தெளிவாகக் கேட்கும்படி வாசிப்பவர் செக்கனுக்கு ஏறத்தாழ ஐந்து எழுத்து வாசிப்பார். வீட்டில் கைக்கடிகாரத்தை வைத்து நீங்களே வாசித்துப் பாருங்கள், அதற்குக் கிட்டத்தான் வரும்.

மேலே உள்ள விடையில் ஒற்று நீக்கி 114 எழுத்துகள். அதாவது 23 செக்கன். முப்பதுக்குள் அடங்கிவிட்டதே என்று கேட்கலாம். அடங்கவில்லை. வாசகர் மூச்சுவிட வேண்டும், வாக்கியங்களுக்கிடையில் இடைவெளி வேண்டும், முதலில் சில செக்கன்களும் கடைசியில் சில செக்கன்களும் குரலின்றி இருக்க வேண்டும். 30 செக்கன் படத்தில் குரலுக்குக் கிடைப்பது 15 அல்லது 16 செக்கன்தான். 75 முதல் 80 எழுத்து வரை எழுதலாம், அதற்குமேல் வேண்டாம்.

முதலிலும் கடைசியிலும் ஏன் மௌனம் என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள். விளம்பரம் ஓடுவது படம் தொடங்குமுன் அல்லது இடைவேளையில். அப்போது சனம் கதைத்துக்கொண்டும் கதிரை தேடிக்கொண்டும் கடலைப் பையைப் பிரித்துக்கொண்டும் இருக்கும். முதல் நான்கைந்து செக்கனில் சொல்லும் எந்தச் சொல்லும் யாருடைய காதிலும் விழாது. ஆகவே முதலில் ஓர் ஓசையைப் போடுங்கள். பழக்கமான ஓசை கேட்டால் தலை தானாகத் திரும்பும். முடிவிலோ அடுத்த விளம்பரத்தின் இசை ‘டமார்’ என்று வந்து விழும். கடையின் பெயரைக் கடைசிச் செக்கனில் வைத்தால் அதுவே அடிபட்டுப் போகும்.

பிலிம் காலத்தில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். 35 மில்லிமீற்றர் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். எனவே 30 செக்கன் விளம்பரம் என்பது 45 அடித் துண்டு. பல தடவை ஓட்டித் தேய்ந்த பிலிம் அறுந்தால், இயக்குபவர் கெட்ட பகுதியை வெட்டி ஒட்டிவிடுவார். ஒலி பதிந்திருக்கும் கோடு, அதற்குரிய படத்துக்கு ஏறத்தாழ 20 சட்டங்கள் முன்னதாக இருக்கும். செக்கனுக்கு 24 சட்டங்கள் ஓடுவதால் அது கிட்டத்தட்ட ஒரு செக்கன். ஓரிடத்தில் படத்தை வெட்டினால் வேறோர் இடத்துச் சொல் போய்விடும். இன்று டிஜிற்றல் கோப்பில் வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. ஆனாலும் முனைகளில் முக்கியமான சொல்லை வைக்காத வழக்கம் நல்ல வழக்கம்தான்.

இனி அந்த விடையின் அடுத்த குறை. படத்தில் கட்டில், அலுமாரி, மேசை எல்லாம் தெரிகின்றன. தெரிவதைக் குரல் மறுபடி பட்டியலிடுகிறது. வானொலிக்கு அது தேவை, திரைக்குத் தேவையில்லை. கண் பார்க்க முடியாத ஒன்றைச் சொல்வதுதான் குரலின் வேலை.

பிரித்தானியாவில் 1953 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘பேர்ல் அன்ட் டீன்’ என்ற நிறுவனம் திரையரங்க விளம்பரத்துக்குப் பேர்போனது. சிறிய ஊர்க் கடைக்காரர்கள் தனியாகப் படம் எடுக்கப் பணம் இல்லாதவர்கள். அவர்களுக்காக உணவகம் என்றால் எல்லா உணவகத்துக்கும் பொதுவான ஒரு படத்தை வைத்துக்கொண்டு, முடிவில் மட்டும் அந்தந்த ஊர்க் கடையின் பெயரைப் போட்டு, இந்தத் திரையரங்கிலிருந்து சில நிமிடத் தூரம்தான் என்று குரல் சேர்ப்பார்கள். செலவு குறைவு. ஆனால் படத்தில் மின்னும் உணவகத்துக்கும் சந்தியிலுள்ள உண்மையான கடைக்கும் ஒரு தொடர்பும் இராது. ஊர்ச் சனங்கள் அதைப் பார்த்துச் சிரிப்பது ஒரு வழக்கமாகவே ஆகிப்போனது. இருந்தாலும் அதில் ஒரு நல்ல பாடம் உண்டு. கடை எங்கே என்பதை, கேட்பவர் அறிந்த இடத்தைச் சொல்லி விளக்கினார்கள். நீங்களும் தொலைபேசி இலக்கத்தைக் குரலில் வைக்காதீர்கள். இருட்டில் எவரும் பேனை எடுக்க மாட்டார். இலக்கத்தைக் கடைசிப் பலகையில் காட்டினால் போதும்.

அந்த விடை எந்த ஊர்க் கடைக்கும் பொருந்தும் என்பது மூன்றாவது குறை. ‘கல்முனை’யை எடுத்துவிட்டு ‘கண்டி’ என்று போட்டாலும் ஒன்றும் மாறாது. நம் கரையோரத்தில் தளபாடம் வைத்திருப்பவர்களுக்கு என்ன பிரச்சினை? யோசியுங்கள். மாரி வந்தால் லாச்சி இறுகிவிடும். இழுத்தால் வராது. இது வீட்டுக்கு வீடு நடக்கிற சங்கதி. மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் குறுக்காக ஊதும், கோடையில் மறுபடி சுருங்கும். கோடையில் இடைவெளியின்றிப் பொருத்திய லாச்சி மாரியில் இறுகும். சிப் போர்ட் என்றால் நிலைமை மோசம். அதன் ஓரத்தில் தண்ணீர் பட்டு ஊதினால் பழைய நிலைக்கு வராது.

இங்கேதான் பலர் தவறான வாக்கியம் எழுதுகிறார்கள்: “எங்கள் மரம் ஒருபோதும் ஊதாது.” அப்படி ஒரு மரம் கிடையாது. தேக்கு மற்றவற்றைவிடக் குறைவாக அசையும், அவ்வளவுதான். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குபவரைப் பிழையாக வழிநடத்தும் கூற்றுகளைத் தடைசெய்கிறது. சட்டத்தை விடுங்கள். பொய் வாக்கியத்தைக் கேட்டு அலுமாரி வாங்கியவர் அடுத்த மாரியில் கடை வாசலில் வந்து நிற்பார். உண்மையை ஒத்துக்கொண்டு, கடையால் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். லாச்சியின் விளிம்பைச் சீவுளியால் சீவிக் கொடுப்பது ஓடாவிக்கு அரைமணி நேர வேலை. உண்மையான கடைக்கு எழுதுவதானால், முதலாளியிடம் இதற்குச் சம்மதம் கேட்ட பின்னரே எழுத வேண்டும்.

எழுத்துருவை நேரம், படம், ஒலி என்று பிரித்து எழுதுங்கள்.

0–5 செக்கன். படம்: அலுமாரி லாச்சியை ஒரு பெண்ணின் கை இழுக்கிறது, வரவில்லை. ஒலி: மழை. ‘டொக்… டொக்…’. குரல் இல்லை.

5–8. படம்: அவள் இரண்டு கையாலும் இழுக்கிறாள். குரல்: “மாரி வந்தால் லாச்சி இறுகும்.”

9–12. படம்: யன்னலில் வழியும் மழை. குரல்: “மரம் என்றால் ஈரத்தில் கொஞ்சம் ஊதும்.”

13–19. படம்: குடையை மடக்கிக்கொண்டு ஓடாவி வாசலில் நிற்கிறார். அடுத்துச் சீவுளியிலிருந்து மரச்சுருள் விழுகிறது. குரல்: “மரவீட்டு லாச்சி இறுகினால், எங்கள் ஓடாவி உங்கள் வீட்டுக்கு வந்து சீவித் தருவார்.”

20–22. படம்: ஒரு விரலால் தள்ள, லாச்சி மெல்ல மூடுகிறது. குரல்: “முதல் மாரிக்குக் காசு இல்லை.”

23–27. படம்: கடையின் முகப்பு. குரல்: “மரவீடு. கல்முனை பஸ் நிலையத்துக்கு அருகில்.”

27–30. படம்: பெயர்ப் பலகை, தொலைபேசி இலக்கம். ஒலி: மழை மட்டும்.

எண்ணிப் பாருங்கள். 9, 11, 27, 9, 16. மொத்தம் 72 எழுத்து, 14 செக்கனுக்குச் சற்று அதிகம். கடையின் பெயர் இரண்டு தடவை வருகிறது, இரண்டாவது தடவை தனியாக நிற்கிறது. ‘இலவசம்’ என்று எழுதாமல் ‘காசு இல்லை’ என்று எழுதியதைக் கவனித்தீர்களா? ‘இலவசம்’ எல்லாக் கடைப் பலகையிலும் தொங்குகிறது, காதில் ஏறாது. ‘முதல் மாரிக்கு’ என்ற வரையறை மிக முக்கியம். அதை விட்டுவிட்டால், பத்து வருடம் கழித்தும் ஓடாவி இலவசமாக வர வேண்டியிருக்கும்.

இன்னொன்று. கலியாண வீட்டைக் காட்டி, “மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க மரவீட்டுத் தளபாடம்” என்று சில மாணவர்கள் எழுதுகிறார்கள். கடைக்காரருக்கும் அது பிடிக்கும், கலியாணத்துக்குத்தானே ஒரேயடியாக விற்பனை. நம் பகுதியில் வீடும் வீட்டுச் சாமானும் பெண் பக்கத்தால் போவது வழக்கம் என்பது தெரிந்ததே. ஆனால் அந்த இருட்டில் அதைக் கொடுக்க வழியில்லாத வாப்பா ஒருவரும் உட்கார்ந்திருப்பார், கலியாணம் தள்ளிப்போகிற பிள்ளையும் பக்கத்தில் இருக்கும். அவர்களைக் குத்தி விற்கும் வரியை நான் எழுதமாட்டேன். பிள்ளைகளின் விடையில் கண்டால் அதை வெட்டிவிட்டு, லாச்சியைப் பற்றி எழுதச் சொல்வேன்.

பயிற்சி: மேற்படி எழுத்துருவைக் கடைக்காரர் 20 செக்கனாகக் குறைக்கச் சொல்கிறார். தொடக்கத்தில் 4 செக்கனும் முடிவில் 2 செக்கனும் குரலின்றி விட்டால், வாக்கிய இடைவெளிகள் போகக் குரலுக்கு 11 செக்கன் எஞ்சும். எந்த வரியை முதலில் நீக்குவீர்கள்? ‘மரம் என்றால் ஈரத்தில் கொஞ்சம் ஊதும்’ என்பதை நீக்கினால் அடுத்த வரி எவ்வாறு விளங்கும் என்று யோசித்து, எழுத்தெண்ணி எழுதுக.