கட்டினப் பொறுப்பு உன் கைக்கு வந்தால்

தங்கச்சி, கட்டினப் பூசைக்குத் தாயக சபை உன்னைச் செயலாளராகப் போட்டதும் சாமான் பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். பட்டியல் பிறகு. முதலில் நாட்காட்டியை எடு. இந்தப் பிங்கம முழுவதும் நேரத்தில் கட்டுண்டது. எந்த மாதம், எந்த நாள், சூரியன் எழுந்த நேரம் என்ன, மறுநாள் விடிய எவ்வளவு இருக்கிறது என்பதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தன்னால் வரிசைப்படும்.

பிக்குகள் எசல போயாவுக்கு மறுநாள் வஸ் ஏற்று, மூன்று மாதம் ஒரே விகாரையில் தங்குகிறார்கள். வப் போயாவோடு அது முடிகிறது. கட்டினச் சீவரம் கொடுக்கக்கூடிய காலம் அதற்கு மறுநாளில் தொடங்கி இல் போயா அன்று முடிந்துவிடும். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 2025ஆம் ஆண்டை எடுத்துப் பார். வப் போயா ஒக்டோபர் 6, இல் போயா நவம்பர் 5. இடையில் ஞாயிறு என்று கிடைத்தவை ஒக்டோபர் 12, 19, 26, நவம்பர் 2 ஆகிய நான்குதான். ஒரு விகாரையில் வருடத்துக்கு ஒரு கட்டினம்தான் செய்யலாம். சுற்றுவட்டார விகாரைகள் எல்லாம் அந்த நான்கு ஞாயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் எசல போயாவுக்கு வெற்றிலை வைத்து வஸ் ஆராதனை செய்யப் போகும்போதே கட்டின நாளையும் சபையில் பேசி எழுதிவிடு.

நாள் மோதினால் என்ன கெடும் என்று கேட்கலாம். பிக்குகளின் எண்ணிக்கை கெடும். கட்டினத்தைச் செல்லுபடியாக்க ஆகக் குறைந்தது ஐந்து பிக்குகள் வேண்டும். நான்கு பேர் சங்கமாக நின்று ஐந்தாமவருக்குச் சீவரத்தை ஒப்படைப்பார்கள். நம்முடைய ஊர் விகாரைகள் பலவற்றில் வஸ் இருப்பவர் ஒருவரோ இருவரோதான். மீதிப்பேரைப் பக்கத்து விகாரைகளிலிருந்து அழைக்கலாம், அதற்கு இடமுண்டு. ஆனால் அதே ஞாயிறு அவர்கள் விகாரையிலும் கட்டினம் என்றால் யார் வருவார்கள்? ஐவரையும் ஆராதனை செய்து, வருகிறோம் என்று வாயால் கேட்ட பிறகுதான் அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டும். கூட ஒருவரையோ இருவரையோ சேர்த்து அழைத்துவை. அன்று காலை ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் காரியம் நிற்காது.

பணம் சேர்ப்பதற்கு முன் இன்னொன்றை ஊருக்குச் சொல்லிவிடு. கட்டினச் சீவரத்தைப் பிக்கு வாய்விட்டோ குறிப்பாலோ கேட்டு வாங்கக்கூடாது. கேட்டு வந்த துணியில் கட்டினம் ஆகாது. ஆகவே “நாயக்க ஹாமுதுருவோ ஒன்றும் சொல்லவில்லையே, அவருக்கு வேண்டாம் போல” என்று காத்திருப்பது பிழை. அவர் சொல்லமாட்டார். நீங்கள்தான் போய், எப்படிக் கொடுக்க வேண்டும் சாமி என்று கேட்க வேண்டும். தெரியாதவர் கேட்டால் முறையைச் சொல்லிக்கொடுக்க அவருக்குத் தடையில்லை என்று பழைய வினய உரையே சொல்கிறது. மூன்று சீவரங்களில் ஏதாவது ஒன்றுக்குப் போதுமான துணி, கூடவே ஊசி, நூல், சாயம், வேலை செய்யும் பிக்குகளுக்குக் கஞ்சியும் சோறும். மூலப் பட்டியல் அவ்வளவுதான். கப்ருக் மரமும் கட்டில் மேசையும் அதற்கப்பால் ஊரின் ஆசை. கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் சீவரக் கணக்கையும் அந்தக் கணக்கையும் ஒரே கொப்பியில் கலக்காதே. சீவரத்துக்கு எல்லா வீட்டுக் காசும் சேரட்டும், பத்து ரூபாய் என்றாலும் வாங்கு. கட்டில் மேசைக்கு வசதியுள்ளவர்கள் தனியாகத் தரட்டும்.

இனிச் சீவரம். தைத்ததை வாங்குவதா, வெள்ளைத் துணியைக் கொடுத்துப் பிக்குகளே அன்று வெட்டித் தைப்பதா என்று சபையில் கட்டாயம் வாக்குவாதம் வரும். இரண்டும் ஏற்கப்பட்டதுதான். இன்றைக்கு ஊர்ப்பக்கம் பெரும்பாலும் தைத்த சீவரம்தான்.

தைத்ததை வாங்குகிறாய் என்றால் கடையிலேயே பொதியைப் பிரித்துப் பார். கூச்சப்படாதே. கட்டினச் சீவரம் வெட்டப்பட்ட துண்டுகளால் ஆனதாக, ஐந்து கண்டமோ அதற்கு மேலோ உள்ளதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கண்டத்திலும் ஒரு நீளத் துண்டும் ஒரு குட்டைத் துண்டும் இருக்கும். இடையில் வரப்புப் போல் பட்டி ஓடும், சுற்றிவரக் கரைப்பட்டி. மகத நாட்டு வயல் வரப்பைப் பார்த்து ஆனந்த தேரர் வகுத்த அமைப்பு அது. சீவரத்தை உட்புறம் திருப்பிப் பட்டியில் விரலை வைத்து ஓட்டு. துணி உண்மையாக வெட்டுப்பட்டு, ஒரு விளிம்பு இன்னொன்றுக்குள் மடிந்து தைபட்டிருந்தால் பட்டியின் இரு பக்கமும் தடிப்புத் தெரியும். ஒரே துணியை மடித்து மேலே கோடு போலத் தையல் ஓட்டியிருந்தால் அவிழ்த்தவுடன் முழுத் துணியாக விரியும், அது வேண்டாம். பிறகு வெளிச்சத்துக்குப் பிடி. விரல் நிழல் தெளிவாகத் தெரிகிற மெல்லிய துணி என்றால் நான்கு துவையலுக்குத் தாங்காது. அளவுக்கு விகாரையின் பழைய சீவரம் ஒன்றை வாங்கி அளந்து எழுதிக்கொண்டு போ. உயரமான சாமிக்குக் குட்டைச் சீவரம் கொடுத்தால் கட்டினம் நடந்துவிடும், ஆனால் அவரால் அதை ஒழுங்காகப் போர்த்த முடியாது.

துணியாகக் கொடுப்பதென்றால் கணக்கு இப்படி. போர்த்தும் தனிப்பட்டுச் சீவரம் ஏறக்குறைய 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம் என்று வை. 112 சென்ரிமீற்றர் அகலத் துணியில் வெறும் பரப்புக்கே ஐந்தரை மீற்றர் போகும். மடிப்பு, பட்டி, கரை எல்லாம் சேர்த்தால் 7 மீற்றர் வாங்க வேண்டும். இரட்டைப்பட்டுச் சீவரத்துக்கு அதுபோல் இரண்டு மடங்கு. இடையில் உடுக்கும் சீவரம்தான் சிறியது, நாலு மீற்றருக்குள் முடியும். பிக்குகள் அன்றே தைக்கப் போகிறார்கள் என்றால் அந்தச் சின்னதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நான் சபையில் வாதாடுவேன். பருத்தி என்றால் கொடுப்பதற்கு முன் நம் வீட்டிலேயே ஒரு தடவை நனைத்து உலர்த்திவிடு. கஞ்சி போய், சுருங்க வேண்டியது சுருங்கிவிடும்.

ஏன் சின்னது என்கிறேன்? கழுவுதல், அளந்து வகுத்தல், வெட்டுதல், நூலோட்டிப் பிடித்தல், தைத்தல், சாயமிடுதல், புள்ளி வைத்தல் என்ற ஏழு வேலையும் அன்றே முடிய வேண்டும். அதோடு ஒக்டோபர் வானத்தை நினைத்துப் பார். ஈரவலயத்தில் மத்தியானம் கடந்தால் இடிமழை கொட்டும். பலாமர வைரத்தைச் சீவி அவித்து எடுத்த சாயத்தில் தோய்த்த துணி, மூன்று மணி மழைக்குள் காயாவிட்டால் இரவு முழுக்க ஸ்திரிக்கைப் பெட்டியோடு போராட வேண்டியதுதான். சாய நீரை முந்தின நாளே அவித்து ஆறவை. தையல் இயந்திரம் இரண்டு, எண்ணெய் போட்டு ஓட்டிப் பார்த்தபடி விகாரையில் இருக்கட்டும். சாயத்தோய்ப்பு பதினொரு மணிக்குள் முடிந்தால் நிம்மதி.

இப்போது நான் அதிகம் வற்புறுத்த வேண்டிய இடம். சங்கத்தின் கைக்கு வந்த கட்டினத் துணி ஓர் இரவு தங்கக்கூடாது. இன்று பெற்றால் மறுநாள் விடியுமுன் கட்டினம் விரித்தாக வேண்டும். ஆனபடியால் சீவரத்தைச் சனிக்கிழமை மாலையே “பத்திரமாக இருக்கட்டும்” என்று விகாரையில் கொண்டுபோய் ஒப்படைக்காதே. அது தாயகர் வீட்டில்தான் இருக்க வேண்டும். ஊரில் அதனால்தான் முந்தின இரவு ஒரு வீட்டில் சீவரத்தை வைத்துப் பிரித் ஓதி, அக்கம்பக்கத்தார் வந்து தொட்டுக் கும்பிட்டுப் போக, விடியப்புறம் பெரஹெராவாக எடுத்துச் செல்கிறார்கள். அந்த வீட்டைத் தெரிவு செய்யும்போது செல்வாக்கைப் பார்க்காமல் தூரத்தைப் பார். விகாரைக்கு நடந்து அரை மணிக்குள் போகிற வீடு நல்லது.

ஞாயிறு காலை என்றால் இப்படி ஓடும். நாலரைக்கு ஹேவிசிக்காரர் வந்து சேர வேண்டும், முற்பணம் கொடுத்து வாயால் உறுதி வாங்கியிருக்க வேண்டும். ஐந்து மணிக்குப் பெரஹெரா கிளம்பும். சீவரத்தைத் தட்டில் வைத்துத் தலையில் ஏந்துவார்கள், மேலே வெள்ளை உடுவியன் பிடிப்பார்கள். வழியில் வீட்டு வாசல்களில் நிற்கிற கிழவிகள் தொட்டுக் கும்பிடக் கேட்பார்கள், மறுக்காதே. அதற்காகவே கால்மணி நேரத்தைக் கூட ஒதுக்கு. ஆறு மணியளவில், விடிந்ததும், விகாரையில் பிக்குகள் முன் இருக்க வேண்டும். பஞ்சசீலம் எடுத்தபின், கொடுக்கும் வசனத்தை எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். அதில் “பிக்கு சங்கத்துக்கு” என்றுதான் வரும். தலைமைப் பிக்குவின் பெயரைச் சொல்லி அவர் கையில் தனியாகக் கொடுத்தால் அது அவருக்கு ஒரு சீவர தானம், அவ்வளவே. கட்டினம் ஆகாது. உன் மாமா மாதிரி மூத்தவர்கள் பாசத்தில் அப்படிச் சொல்லிவிடுவார்கள், முந்தின நாளே மெதுவாகக் காதில் போட்டுவை.

கொடுத்தபின் யாருக்கு என்பதைச் சங்கம் தீர்மானிக்கும். சீவரம் நைந்தவருக்கு, அப்படிப் பலர் இருந்தால் அவர்களில் மூத்தவருக்கு என்பது முறை. அந்தச் சங்க கருமம் நடக்கும்போது நாம் அவர்கள் நடுவே நிற்கக்கூடாது. வெளியே வந்துவிட வேண்டும், படம் பிடிக்கிற பையனும்தான். பெற்றவர் மூலையில் சிறு புள்ளி வைத்து, பழைய சீவரத்தை விட்டுப் புதியதை ஏற்று, கட்டினத்தை விரிப்பார். மற்றவர்கள் அனுமோதிப்பார்கள். தைத்த சீவரம் என்றால் அரை மணிக்குள் முடிந்துவிடும். அதற்குள் காலைத் தானம் சூடாக இருக்க, அடுப்பங்கரைக்குத் தனியாக ஒரு பொறுப்பாளரைப் போட்டுவிடு. அவர் பெரஹெராவில் வரமாட்டார் என்று முதலே ஒப்புக்கொண்டவராக இருக்கட்டும். பகல் தானம் பன்னிரண்டுக்குமுன் முடிய வேண்டும் என்பதை உனக்குச் சொல்லத் தேவையில்லை.

பிரிகரப் பொருட்களில் மட்டும் ஒரு சொல். விகாரையைக் கவனிக்கும் ஆளைக் கூட்டிக்கொண்டு களஞ்சிய அறையைத் திறந்து பார். போன வருடத்துப் பிளாஸ்ரிக் வாளிகள் அடுக்கடுக்காகக் கிடந்தால், இந்த வருடம் அந்தக் காசைக் கூரை ஓட்டுக்கோ மருந்துச் செலவுக்கோ திருப்பலாம் என்று சபையில் எழுந்து சொல்.

ஹேவிசிக்காரர் கூலி, பந்தல், வாகனம் எல்லாவற்றின் ரசீதையும் அன்று மாலையே வாங்கி ஒட்டிவிடு. மிச்சக் காசை, அடுத்த எசலவில் தொடங்கும் வஸ் காலத் தானச் செலவுக்கென்று எழுதி, உன்னோடு இன்னொருவரும் கையெழுத்துப் போட்டுப் பொருளாளரிடம் கொடு.