'சொல்லி அனுப்புறோம்' என்று சொல்லாதீர்கள்

பாகூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரே வேலைக்காகச் சேதராப்பட்டுக்கு மூன்று முறை வந்தான். ஒவ்வொரு முறையும் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் பிடித்து வர வேண்டும். நான் அப்போது அங்கே ஒரு சின்னக் கம்பெனியில் ஆபீஸ் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேர்காணல் நடந்த அன்று மாலையே வேறொருவரை எடுப்பது என்று முடிவாகிவிட்டது. ஆனால் பையன் போன் செய்தபோது, "பார்த்துட்டு சொல்லி அனுப்புறோம் தம்பி" என்றேன். மனசு நோகக் கூடாது என்றுதான். மூன்றாவது முறை தாய்மாமனோடு வந்தான். நம் பதிலை எதிர்பார்த்துக் கிருமாம்பாக்கத்தில் கிடைத்த ஒரு கடை வேலையை விட்டிருந்தான். மாமன் கோபப்படவில்லை. "இல்லைன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க ஏன் சார் அலையப்போறோம்?" என்று மட்டும் கேட்டார்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பள்ளியோ, பட்டறையோ, மருந்தகமோ நடத்துகிறவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இதுதான். கடுமையாகப் பேசுவதில்லை, பேச்சை முடிக்காமல் விடுகிறோம். கீழே இருப்பது, அந்த மூன்றாவது பஸ் பயணத்துக்குப் பிறகு நான் கைக்கொண்ட முறை.

1. தேதியை நேர்காணலிலேயே சொல்லுங்கள்

"வர்ற செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள்ள, எடுத்தாலும் எடுக்கலைன்னாலும் மெசேஜ் வரும்." இந்த ஒரு வாக்கியம் போதும். பாதி போன்கள் குறைந்துவிடும்.

2. எடுத்தவரிடம் முதலில் உறுதி வாங்குங்கள்

தேர்வானவர் "வர்றேன்" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி மற்றவர்களை அனுப்பிவிடாதீர்கள். நியமனக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். அதற்காக எல்லோரையும் காக்க வைக்கவும் வேண்டாம். நிச்சயமாக எடுக்கப்போவதில்லை என்று தெரிந்தவர்களுக்கு மறுநாளே சொல்லிவிடலாம். இரண்டாம் இடத்தில் இருப்பவரை மட்டும் நிறுத்திவையுங்கள். அவர் கேட்டால், "இன்னும் முடிவாகலை, செவ்வாய்க்கிழமை தெரியும்" என்பது பொய்யில்லை.

3. யாருக்கு எந்த வழி

விண்ணப்பம் மட்டும் போட்டவருக்கு ஒரு குறுஞ்செய்தி. நேர்காணலுக்கு வந்தவருக்கு அவர் பெயர் போட்டுத் தனிச் செய்தி. இரண்டு முறை வரவழைத்தவருக்கும், ஏற்கெனவே தெரிந்தவருக்கும் போன். மின்னஞ்சலை மட்டும் நம்பாதீர்கள். பலருடைய முகவரி பிரவுசிங் சென்டரில் விண்ணப்பத்துக்காகவே உண்டாக்கியது, கடவுச்சொல் அவர்களுக்கே மறந்திருக்கும். விண்ணப்பத்தில் இருக்கும் போன் எண் அப்பாவுடையதாகவும் இருக்கலாம். ஆகவே அப்பா படித்தாலும் பிள்ளைக்குத் தலைகுனிவு வராதபடி எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சொல்வதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அனுப்பாதீர்கள். எனக்கு நாள் பார்ப்பதில் நம்பிக்கை இல்லை, ஆனால் செய்தியை வாங்குகிறவர் வீட்டில் அந்த நம்பிக்கை இருக்கலாம். பிற்பகல் மூன்று மணிக்கு அனுப்புவது என் வழக்கம்.

4. வாசகம்: தடுக்கி விழும் இடம்

ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். கணக்கு உதவியாளர் ஒருவர் தேவை. 31 விண்ணப்பங்கள் வருகின்றன, ஆறு பேரைக் கூப்பிடுகிறோம். ஆளுக்குப் பத்து ரசீதைக் கொடுத்து டேலியில் பதிவு செய்யச் சொல்கிறோம். வில்லியனூர்ப் பெண் ஒருவர் நன்றாகப் பேசினார், ஆனால் நான்கு பதிவுகளில் தவறு. வேறொருவரை எடுத்துவிட்டோம். அந்தப் பெண்ணுக்கு முதலில் எழுதப்பட்ட செய்தி இது:

"வணக்கம். தங்கள் தகுதி சிறப்பாக இருந்தபோதிலும் தற்போதைய சூழலில் தங்களைத் தேர்வு செய்ய இயலாத நிலையில் உள்ளோம். வருங்காலத்தில் வாய்ப்பு ஏற்படின் நிச்சயம் தொடர்புகொள்வோம். இப்படிக்கு, நிர்வாகம்."

பார்க்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு துண்டும் ஒரு போனைக் கூப்பிடுகிறது. 'தகுதி சிறப்பு' என்றால், பிறகு ஏன் எடுக்கவில்லை? 'தற்போதைய சூழல்' என்றால், சூழல் எப்போது மாறும்? 'இயலாத நிலை' என்றால், யாரோ தடுக்கிறார்கள் போலிருக்கிறது, பெரிய இடத்தில் சொல்லிப் பார்க்கலாமா? 'நிச்சயம் தொடர்புகொள்வோம்' என்பது வாக்குறுதி. 'நிர்வாகம்' என்று கையெழுத்து இருப்பதால், யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொள்ளவே இரண்டு போன் வரும்.

நான் அனுப்பியது:

"வணக்கம் (பெயர்). கணக்கு உதவியாளர் வேலைக்குப் புதன்கிழமை நேர்காணலுக்கு வந்ததற்கு நன்றி. அந்த வேலைக்கு வேறொருவரை எடுத்துவிட்டோம். எங்கள் பதிலுக்காக இனி நீங்கள் காத்திருக்க வேண்டாம். (என் பெயர், பொறுப்பு)"

'எடுத்துவிட்டோம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'எடுக்கிறோம்', 'எடுப்பதாக உள்ளோம்' என்றால் இன்னும் பேச இடம் இருக்கிறது. அந்த 'விட்டோம்' கதவைச் சாத்திவிடுகிறது. 'உங்களைத் தேர்வு செய்யவில்லை' என்பதைவிட இது மென்மையானதும்கூட, ஏனென்றால் வாக்கியம் அவரைப் பற்றியதாக இல்லாமல் வேலையைப் பற்றியதாக இருக்கிறது. 'காத்திருக்க வேண்டாம்' என்பது சிலருக்கு முகத்தில் அடித்தாற்போலத் தெரியலாம். நான் அதை எடுக்க மாட்டேன். கிருமாம்பாக்கத்துக் கடை வேலையைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வாக்கியம் அதுதான்.

'வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' வேண்டாம், அது துக்கச் செய்தி நடை. 'மனம் தளர வேண்டாம்' வேண்டவே வேண்டாம், அறிவுரை கேட்டு அவர் வரவில்லை.

5. "ஏன் சார்?"

எவ்வளவு நன்றாக எழுதினாலும் சிலர் கூப்பிடுவார்கள். அதில் தப்பில்லை. நம் ஊரில் அரசு வேலைக்கு மதிப்பெண் பட்டியல் வெளிவரும், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அரசு அலுவலகத்தில் மனுப் போட்டும் கேட்கலாம். அதே பழக்கத்தில் உங்களிடமும் மார்க் கேட்பார்கள். தனியார் இடத்துக்கு அந்தச் சட்டப்படி மனு வராது. ஆனால் அதைச் சட்டமாகப் பேசிக்காட்ட வேண்டாம், சண்டைக்கு அழைப்பது போலாகிவிடும்.

காரணம் சொல்லலாமா? நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: எண்ணிக் காட்டக்கூடிய காரணம் என்றால், கேட்டால் மட்டும், ஒன்றே ஒன்று. அந்தப் பெண் மறுநாள் கூப்பிட்டார். "டேலி பதிவுல பத்துல நாலு தப்பா இருந்தது மா. ஜிஎஸ்டி பதிவைப் பழகிக்கிட்டீங்கன்னா அடுத்த இடத்துல உதவும்" என்றேன். "சரி சார்" என்று வைத்துவிட்டார். அதற்குப் பதில் "பேச்சுல கொஞ்சம் தன்னம்பிக்கை குறைவு" என்றிருந்தால் அரை மணி நேரம் போயிருக்கும். அபிப்பிராயத்தோடு வாதாடலாம், எண்ணிக்கையோடு வாதாட முடியாது.

"கல்யாணம் ஆகப்போற பொண்ணு, எத்தனை நாள் இருப்பீங்க" என்பது போன்ற காரணம் வாயில் வருகிறது என்றால், பிரச்சினை சொல்லும் விதத்தில் இல்லை, தேர்விலேயே இருக்கிறது. வேலைக்கு எடுப்பதில் பெண் என்பதற்காக ஒதுக்குவதை 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே தடுத்தது. முடிவைத் திரும்பப் பாருங்கள்.

"யாரை எடுத்தீங்க?" என்பதற்குப் பெயரும் சொல்லாதீர்கள், ஊரும் சொல்லாதீர்கள். நம் பகுதியில் ஒரு தெரு புதுச்சேரியில் இருக்கும், அடுத்த ஊர் கடலூர் மாவட்டத்திலோ விழுப்புரம் மாவட்டத்திலோ இருக்கும். ஊரைச் சொன்ன அடுத்த நொடி, "உள்ளூர்ப் பிள்ளைங்க இருக்கும்போது வெளியூர்க்காரங்களை எடுத்துட்டீங்களே" என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். "அது அவங்க விஷயம், நான் சொல்றது சரியில்லை" என்பதே பதில்.

இரண்டாம் முறை "ஒரு சான்ஸ் குடுங்க சார்" என்றால், புதுக் காரணம் தேடாதீர்கள். முதலில் சொன்ன அதே வாக்கியத்தை அதே குரலில் சொல்லுங்கள்: "அந்த வேலைக்கு ஆள் எடுத்தாச்சு மா." புதுக் காரணம் ஒவ்வொன்றும் புது வாதத்துக்குக் கைப்பிடி. மூன்றாம் முறை, "வைக்கிறேன் மா, நல்லது" என்று வைத்துவிடலாம்.

6. சிபாரிசுக்காரர்

இது நம் ஊருக்கே உரிய படி. உள்ளாட்சிப் பதவிக்காலம் 2011இலேயே முடிந்துவிட்டது, ஆனாலும் அன்று தலைவராக இருந்தவரை ஊர் இன்றும் தலைவர் என்றுதான் கூப்பிடுகிறது. அவர் போன் செய்து, "நம்ம பையன்தான், பார்த்துக்கங்க" என்று சொல்லியிருப்பார்.

இங்கே வரிசைதான் முக்கியம். முதலில் விண்ணப்பித்தவரிடம் சொல்லுங்கள், அடுத்த ஐந்து நிமிடத்தில் சிபாரிசுக்காரரை நீங்களே கூப்பிடுங்கள். மாற்றிச் செய்தால் பையனுக்கு விஷயம் டீக்கடை வழியாகப் போய்ச் சேரும். இரண்டாவதைச் செய்யாமல் விட்டால், அவர் கேட்டுத் தெரிந்துகொண்டது போலாகி, கௌரவப் பிரச்சினையாகிவிடும். "தலைவரே, நீங்க சொன்ன தம்பியை ஒழுங்கா உட்கார வச்சுப் பார்த்தோம். இந்த வேலைக்கு வேற ஆள் எடுத்தாச்சு. அவர்கிட்ட இப்பத்தான் சொன்னேன், உங்ககிட்டயும் நானே சொல்லணும்னு கூப்பிட்டேன்." பெரும்பாலும் "சரி விடுங்க" என்பார். அவருக்கும் பையன் வீட்டில் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது, அதுதான் அவருக்கு வேண்டியது. பையனுக்கு டேலியில் என்ன தப்பு என்பதை அவரிடம் சொல்லாதீர்கள். அது பையனுடையது.

7. சான்றிதழ்

ஒரிஜினலை வாங்கி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். சரிபார்த்த கையோடு திருப்பிக் கொடுங்கள். உங்கள் மேசை டிராயரில் அவருடைய மார்க் ஷீட் இருக்கும்வரை, 'இல்லை' என்று நீங்கள் சொன்னது அவர் காதில் ஏறாது. அதை வாங்க வரும்போது பேச்சு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கடைசியாக, விண்ணப்பப் பட்டியலில் பெயருக்கு நேராக இரண்டு கட்டங்கள் போடுங்கள்: சொன்ன தேதி, சொன்ன வழி. 31 பெயருக்கும் இரண்டும் நிரம்பினால்தான் நான் அந்தக் கோப்பைக் கட்டுவேன். திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டத்தில் இந்த முப்பது பேரில் யாராவது எதிரே வருவார்கள். கட்டம் காலியாக இருந்த வருஷங்களில் நான் பார்வையைத் திருப்பிக்கொண்டு நடந்திருக்கிறேன்.