குளிரூட்டியின் வெளிப் பெட்டியை மெல்லக் கழுவுவோம்

1990களில் இடம்பெயர்ந்து, பின்னர் கரம்பொனுக்குத் திரும்பிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் வயதான தாயாரின் அறைக்கு 12,000 பி.ரி.யூ. குளிரூட்டி ஒன்றைப் பூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் வருடம் அறை நன்றாகக் குளிர்ந்தது. இரண்டாம் வருடம் குளிர் குறைந்தது, மின்கட்டணமோ கூடியது. 'காஸ் முடிந்துவிட்டது' என்று காசைச் செலவழிக்கும் முன், வீட்டுக்கு வெளியே உள்ள பெட்டியின் பின்புறத்தை நாம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன?

குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. இந்த அளவான இயந்திரம் முழுமையாக ஓடும்போது அறையிலிருந்து எடுப்பது சுமார் மூன்றரை கிலோவாற்று வெப்பம். கொம்பிரசரின் வெப்பமும் சேர, வெளிப் பெட்டி சுமார் நான்கரை கிலோவாற்றைக் காற்றில் விட வேண்டும். சில மின்னடுப்புகள் ஒன்றாக எரிவதற்கு அது சமம்.

இந்த வேலையைச் செய்வது கொண்டென்சர் கொயில். செப்புக் குழாய்களின் மேல், கடதாசி போன்ற மெல்லிய அலுமினியத் தகடுகள் நூற்றுக்கணக்கில் கோத்திருக்கும். குழாயின் சூடு தகட்டுக்குப் போகும். விசிறி பின்புறத்திலிருந்து இழுக்கும் காற்று தகடுகளுக்கு இடையே புகுந்து அதைக் கொண்டுபோகும். இடைவெளி ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர்தான். ஒரு தகடு வளைந்து அடுத்ததில் சாய்ந்தால் அந்த வாசல் மூடிவிடும். தகடு அங்கேதான் இருக்கும், ஆனால் காற்றுப் போகாது.

ஐந்தாறு தகடு வளைந்தால் பாதகமில்லை. கையகலப் பரப்புகள் பல மடிந்தால், அதே வெப்பத்தை வெளியேற்றக் குழாயிலுள்ள காஸ் இன்னும் சூடாக வேண்டும். அந்தச் சூடு ஒவ்வொரு பாகை கூடும்போதும் கொம்பிரசரின் மின்செலவு சுமார் 2 முதல் 3 வீதம் கூடும். ஐந்து பாகை என்றால் 10 முதல் 15 வீதம், குளிரும் குறையும். கடும் வெயிலில் கொம்பிரசர் தானாக நின்று நின்று ஓடினால், இதுவும் ஒரு காரணமாகலாம்.

தீவகத்தின் தொல்லை

சோளகக் காற்று உப்பையும் புழுதியையும் கொண்டுவந்து தகடுகளில் படியவிடும். உப்பு ஈரத்தை இழுத்துவைத்திருக்கும். ஈரம் உள்ளபோது, செம்போடு சேர்ந்திருக்கும் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். ஆகவே சோளகக் காலத்தில் மாதம் ஒருமுறை கழுவுவது நல்லது.

ஆனால் உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவ வேண்டாம். தண்ணீர் காய்ந்ததும் உப்புத் தகட்டில் தங்கிவிடும். சேமித்த மழைநீர் அல்லது குடிக்கும் நல்ல தண்ணீர் இரண்டு வாளி போதும்.

கழுவும் முறை

1. குளிரூட்டியை நிறுத்தி, அதற்குரிய மெயின் சுவிட்சையும் அணைத்துப் பத்து நிமிடம் பொறுக்கவும். பெட்டியின் மூடிகளைக் கழற்ற வேண்டாம்.

2. சருகு, சிலந்திவலை, பஞ்சு ஆகியவற்றை மென்மையான தூரிகையால் எடுக்கவும். தகடுகள் மேலிருந்து கீழாக நிற்பதால் தூரிகையும் மேலிருந்து கீழாகவே போக வேண்டும். குறுக்கே தேய்த்தால் தகடு மடியும்.

3. பூவாளியால் மேலிருந்து கீழாக மெதுவாகத் தண்ணீர் ஊற்றவும். வயர்கள் பூட்டிய பக்கத்தில் தண்ணீர் படக்கூடாது. வாகனம் கழுவும் அழுத்த இயந்திரம் தகடுகளை ஒரே நொடியில் படுக்கவைத்துவிடும். தோட்டத்துக்கு மருந்து அடித்த தெளிகருவியும் கூடாது. செம்பு கலந்த பூஞ்சணக்கொல்லியின் எச்சம் அலுமினியத்தைத் துளைக்கும்.

4. எண்ணெய்ப்பசை இருந்தால், பாத்திரம் கழுவும் திரவம் அரைத் தேக்கரண்டியை ஒரு வாளி தண்ணீரில் கலந்து ஊற்றி, ஐந்து நிமிடத்தின் பின் நல்ல தண்ணீரால் முற்றாக அலசவும். அமிலம், சலவைச் சோடா, குளோரின் வேண்டாம்.

5. அரை மணி நேரம் உலரவிட்டு இயக்கவும்.

வளைந்த தகடுகளை நிமிர்த்துதல்

குளிரூட்டி திருத்துபவர்களிடம் இதற்கென ஒரு சீப்பு உண்டு. அதன் பல் இடைவெளி நம் கொயிலுக்குப் பொருந்த வேண்டும். சீப்பு இல்லாவிட்டால், முனை மழுங்கிய மெல்லிய மூங்கில் குச்சியால் ஒவ்வொரு தகடாக மெல்ல நிமிர்த்தலாம். கத்தியோ ஊசியோ வேண்டாம். பின்னாலுள்ள குழாய் துளைபட்டால் காஸ் முழுவதும் போய்விடும். தகட்டின் ஓரம் கையை வெட்டும், கவனம்.

முதலில் ஓர் ஓரத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் நிமிர்த்த முயல வேண்டாம். அந்தக் கொயில் அரித்து முடிந்தது, மாற்றுவதே வழி. கொயிலில் எண்ணெய்க் கறை திரும்பத் திரும்ப வந்தால் காஸ் கசிவாக இருக்கலாம். அதற்குத் தொழில்நுட்பவியலாளரை அழைக்க வேண்டும்.

தகடுகள் துப்புரவாகவும் நேராகவும் இருந்தும் அறை குளிராவிட்டால், உள் இயந்திரத்தின் வடிகட்டியை அடுத்துப் பார்ப்போம்.