நுனியில் தொடங்குங்கள்: ஈரத் தலைக்கு எந்தச் சீப்பு, எந்த வரிசை?

கொம்பனித்தெருவில் பள்ளிக்கூட நாட்களில் காலை ஆறரை மணிக்கு எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் இந்தக் காட்சியைக் காணலாம். வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் பிள்ளை வாசற்படியில் குந்தியிருப்பாள். அவளுக்குப் பின்னால் தாயோ அம்மம்மாவோ நின்று, இப்போதுதான் முழுகிய தலையை உச்சியிலிருந்து சீப்பால் இழுத்து இரட்டைப் பின்னல் போடுவார். ஒவ்வொரு இழுவைக்கும் பிள்ளையின் தலை பின்னால் சாயும், வேன் வரப்போகிறது என்ற அவசரத்தில் கை இன்னும் வேகமாக இழுக்கும். அந்த வீடுகளில் சீப்புக்குக் குறைவில்லை. பிழை அதை எப்போது, எந்த இடத்திலிருந்து போடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

ஈரமான தலைமயிருக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். மயிரின் உள்ளே இருக்கும் கெரட்டின் புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும் இணைப்புகளில் ஒரு பகுதி தண்ணீர் பட்டதும் தளர்ந்துவிடுகிறது. மயிர் சற்றுத் தடிக்கிறது, மென்மையாகிறது, இழுத்தால் இலகுவில் நீளுகிறது. நீளுகிறதே, அறவில்லையே என்று கை ஏமாந்துபோவது இங்கேதான். தன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழுபட்ட மயிர் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. அன்றைக்கு அறாவிட்டாலும் அந்த இடம் மெலிந்து, அடுத்த வாரம் அறும். மயிரின் மேற்புறத்தில் ஓட்டு வீட்டுக் கூரைபோல வேரிலிருந்து நுனி நோக்கி அடுக்கப்பட்ட மிக நுண்ணிய செதில்களும் உண்டு. ஈரத்தில் அவை சற்று எழும்புவதால் ஒரு மயிர் மற்றதில் உரசிச் சிக்குப் பிடிப்பது கூடுகிறது.

எப்போது இழுப்பது என்பதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முழுகிய உடனே இழுக்கலாம், பாதி காய்ந்தபின் இழுக்கலாம், முழுதாகக் காய்ந்தபின் இழுக்கலாம். எது சரி என்பது மயிரின் தன்மையைப் பொறுத்தது. நேரான மயிருக்கும் இலேசாக அலையடிக்கும் மயிருக்கும் பாதி காய்ந்த நிலைதான் நல்லது. ஒரு கொத்தைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது, ஆனால் கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும். அதுதான் அளவு. இறுக்கமான சுருட்டை மயிருக்கு இது தலைகீழ். காய்ந்தால் சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும், அப்போது சீப்பைப் போட்டால் பொறுபொறுவென்று அறும். அதனால் அதை ஈரமாகவே, கண்டிஷனர் வழுவழுப்போடு பிரிக்க வேண்டும். தோல் மருத்துவர்கள் சொல்வதும் இந்த வேறுபாட்டைத்தான். கொம்பனித்தெருவில் தமிழரும் மலாயரும் சோனகரும் சிங்களவரும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் வாழ்கிறார்கள். ஒரே வீட்டில்கூட அக்காவுக்கு நேர் மயிரும் தங்கைக்குச் சுருட்டையும் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சரிவந்த முறை உங்கள் பிள்ளைக்குச் சரிவரும் என்று எண்ண வேண்டாம்.

கொழும்பில் இன்னொரு சிக்கல், காற்றின் ஈரப்பதன். இடுப்பு வரை நீண்ட தலை மின்விசிறிக்கு அடியில் இருந்தாலும் பாதி காய அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். பள்ளிக்கூடக் காலையில் அந்த நேரம் எந்த வீட்டில் இருக்கிறது? ஆகவே என் முடிவு இதுதான்: முழுக்கை முதல்நாள் பின்னேரத்துக்கு மாற்றுங்கள். ஈரத்தில் இறுக்கிப் போட்ட பின்னல் இழுபட்ட நிலையிலேயே காயும். நெற்றியோர மயிர்தான் அந்த இழுவையை முதலில் தாங்கி, முதலில் மெலியும். ஈரத் தலையை முடிந்து மேலே முக்காடு போடுகிறவர்களுக்கும் இதே கதைதான், அதோடு நாள் முழுக்கத் தலைத்தோல் காயாமல் புழுங்கும்.

சீப்புக்கு வருவோம். பல்லுகளுக்கு இடையிலுள்ள இடைவெளிதான் முதலில் பார்க்க வேண்டியது. பேன் சீப்பையும் வகிடு எடுக்கிற நெருக்குப் பல்லுச் சீப்பையும் ஈரத் தலைக்குக் கிட்டவே கொண்டுபோகக்கூடாது. கடையில் அளவுகோல் தேவையில்லை. இரண்டு தீக்குச்சிகளைச் சேர்த்துப் பிடித்தால் அவை பல்லுகளுக்கு நடுவே தடங்கலில்லாமல் போக வேண்டும். அது ஏறக்குறைய நான்கு மில்லிமீற்றர், சாதாரண தலைக்குப் போதும். அடர்ந்த சுருட்டைக்கு மூன்று குச்சி போகிற சீப்பைத் தேடுங்கள்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியதைப் பலர் கவனிப்பதே இல்லை. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் சீப்புகளில், அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில், ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் ஒரு மெல்லிய வரம்பு நிற்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பெருவிரல் நகத்தை ஓட்டினால் தட்டும். செதில் எழும்பியிருக்கிற ஈர மயிரை அது சிறு கத்திபோல வழிக்கும். மெல்லிய துப்பட்டாவின் ஓரத்தைப் பல்லுகளுக்கு நடுவே இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் அந்தச் சீப்பு உங்களுக்கு வேண்டாம். வீட்டில் ஏற்கனவே அப்படியொன்று இருந்தால் எறியத் தேவையில்லை. நகம் தேய்க்கிற அரத்தால் ஒவ்வொரு பல்லின் உட்பக்கத்தையும் நுனியையும் மெதுவாகத் தேய்த்து வழுவழுப்பாக்கலாம். அரை மணித்தியால வேலை.

மரச் சீப்பா பிளாஸ்டிக்கா என்று கேட்பவர்கள் அதிகம். மரச் சீப்பை விற்பவர்கள் அது மின்னேற்றம் உண்டாக்காது, மயிர் பறக்காது என்பார்கள். உலர்ந்த குளிர் நாடுகளில் அது பெரிய நன்மைதான். கடற்காற்று வீசும் கொழும்பில், அதுவும் ஈரத் தலையில், அந்த நன்மைக்கு வேலையே இல்லை. நன்றாகத் தேய்த்து மெருகிட்ட மரச் சீப்பு தலைத்தோலுக்கு இதமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் தண்ணீரில் ஊறினால் உப்பும், காய்ந்தால் நார் எழும்பி மயிரைப் பிடிக்கும். அதைக் காய்ந்த தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உலோகச் சீப்பு வேண்டவே வேண்டாம், அதன் பல்லு கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. வளையும் பல்லுள்ள சிக்கெடுக்கும் பிரஷ் சிறு பிள்ளைகளுக்கு நோவைக் குறைக்கும், ஆனால் நீண்டு அடர்ந்த தலையில் அது மேற்படையை மட்டும் வாரிவிட்டு உள்ளே சிக்கை அப்படியே விட்டுவிடும். ஈரத்துக்கு ஒன்றே ஒன்று வாங்குவதானால், பல்லு தடித்து, நுனி உருண்டு, கைபிடியுள்ள சாதாரண பிளாஸ்டிக் சீப்பை மேலே சொன்ன இரண்டு சோதனையும் செய்து வாங்குங்கள்.

இனி வரிசை. வெள்ளவத்தையில் இருக்கும் என் அக்காவின் மகளுக்குப் பதினொரு வயது. தலைமயிர் அறுபது சென்ரிமீற்றர். மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் சென்ரிமீற்றர் வளர்கிறது என்றால், அவளுடைய நுனி மயிருக்கு நான்கு வயது. நான்கு வருட வெயிலும் சீப்பும் ஷாம்புவும் பட்டுச் செதில் தேய்ந்த இடம் அது. சிக்கு அதிகம் விழுவதும் அங்கேதான். உச்சியிலிருந்து இழுத்தால் வழியில் உள்ள ஒவ்வொரு சிறு சிக்கையும் சீப்பு கீழே தள்ளிக்கொண்டு போகிறது. அவை அடுத்த சிக்கோடு சேர்ந்து, கடைசியில் ஆகப் பலவீனமான இடத்தில் ஒரே முடிச்சாக இறுகுகின்றன. அந்த முடிச்சின் இழுவையை எல்லா மயிரும் பங்கிடுவதில்லை, குறுக்கே மாட்டிய சிலவே தாங்குகின்றன. அவைதான் அறுகின்றன. நுனியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு சிக்கும் வெளியேறக் கீழே வழி திறந்திருக்கும்.

"சித்தி, அம்மா மாதிரி மேலயிருந்து இழுக்காதேங்கோ, நோகுது" என்று, நான் ஒரு நாள் அவளுக்குத் தலை இழுக்கப் போனபோது அவள் முதலே சொல்லிவிட்டாள். அன்று நாங்கள் செய்தது இது. முழுக முன்னமே, காய்ந்த தலையில், விரலால் பெரிய சிக்குகளைப் பிரித்தோம். சிக்கோடு முழுகினால் ஷாம்பு போட்டுத் தேய்க்கும்போது அது இறுகிவிடும். முதல் நாள் இரவே ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயைக் கீழ்ப்பாதியில் தடவியிருந்தோம். மும்பை ஆய்வாளர்களான ரேலேயும் மோஹிலேயும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், முழுகும்போது மயிர் இழக்கும் புரதத்தைக் குறைப்பதில் கனிம எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் விடத் தேங்காயெண்ணெய் முன்னின்றது. அது மயிருக்குள்ளேயே ஊறக்கூடியது. முழுகியபின் சொரசொரத்த துவாயால் தேய்க்காமல், பழைய சாரம் ஒன்றால் ஒற்றி எடுத்தோம். நாற்பது நிமிடம் மின்விசிறி.

பிறகு தலையை நான்காகப் பிரித்து மூன்றைக் கவ்வியால் ஒதுக்கி, பிடரியோரப் பகுதியை முதலில் எடுத்தோம். அதிகம் சிக்குப் பிடிப்பதும் எவர் கண்ணிலும் படாததும் அந்த உட்படைதான். நுனியிலிருந்து நான்கு விரற்கடை மட்டும் சீப்பு. அது தடங்கலில்லாமல் ஓடியபின் இன்னும் நான்கு விரற்கடை மேலே, மறுபடி நுனி வரை. சிக்கு வரும் இடத்துக்குச் சற்று மேலே மற்றக் கையால் கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டதால் இழுவை என் கையோடு நின்றது, வேருக்குப் போகவில்லை. முடிச்சு ஒன்று மசியவில்லை. சீப்பைக் கீழே வைத்துவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, விரல்களால் பக்கவாட்டில் விரித்துப் பிரித்தேன். கீழ்நோக்கி இழுத்தால் முடிச்சு இறுகும், பக்கவாட்டில் விரித்தால் தளரும். உச்சியிலிருந்து நுனி வரை முழு இழுவை கடைசியில் ஒரேயொரு முறைதான். மொத்தம் பதினைந்து நிமிடம். அவள் ஒரு முறையும் முனகவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு விடுமுறைக்குப் போனால் இதே தலை இன்னும் சிக்குப் பிடிக்கும். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது, மயிரைச் சொரசொரப்பாக்கும். அங்கே கண்டிஷனரோ எண்ணெயோ கொஞ்சம் கூடவே வேண்டும்.

நீங்கள் செய்வது சரியா என்று அறிய, சீப்பில் மிஞ்சிய மயிரை வெள்ளைக் கடதாசியில் பரப்பிப் பாருங்கள். ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது தன் காலம் முடிந்து தானாக உதிர்ந்தது. ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு வரை அப்படி உதிர்வது இயல்பு. மூன்று நாள் தலை இழுக்காமல் இருந்தால் மூன்று நாள் உதிர்வும் ஒன்றாக வரும், பயப்பட வேண்டாம். குமிழ் இல்லாத சிறு துண்டுகளும் பாதி நீளத் துண்டுகளும் அறுந்தவை. அவை கூடினால் சீப்பையும் வரிசையையும் திருத்துங்கள். குமிழோடு கொத்துக் கொத்தாக, வாரக்கணக்கில் வந்தால் எந்தச் சீப்பும் அதற்கு மருந்தல்ல, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.